அம்மை இறங்கிய பிறகு

ஏலத்தோட்டத்து லயத்திலோ சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலோ ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். வெளியாள் அந்த வீட்டுக்குள் போகமாட்டார். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மை இறங்கிவிட்டது என்று வீடு மூச்சு விடும்.

தட்டம்மையைப் பொறுத்தவரை அந்தத் தண்ணீரோடு கதை முடிவதில்லை. அதன் கெடுதல் மூன்று தவணைகளில் வருகிறது. முதல் தவணை சில வாரங்களுக்குள். இரண்டாவது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில். மூன்றாவது மிக அரிது. ஆனால் ஏழு, எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து வரக்கூடியது. கடைசி இரண்டையும் பழைய அம்மையோடு சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றாது. அதனால்தான் இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். தமிழில் தட்டம்மை, மணல்வாரி. மலையாளத்தில் அஞ்சாம்பனி, அங்கே பனி என்றால் காய்ச்சல். குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் ஒரு தாய்க்கு இரண்டு பெயர்களும் காதில் விழும். இரண்டும் ஒரே நோய்தான். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும். மணல்வாரியில் நீர் இருக்காது. மணலை வாரி இறைத்தாற்போலச் சிவந்த தடிப்பு, காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். அதற்கு முன்பே கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு எல்லாம் வந்திருக்கும்.

வேப்பிலை வருவதற்கு முன்

இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்டம். சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகள் கொண்ட ஒரு லயம். முதல் வீட்டில் நான்கு வயதுச் சிறுவன். கம்பத்தில் பிறந்தவன். ஒன்பதாம் மாதத்து ஊசி போட வேண்டிய நேரத்தில் குடும்பம் மலைக்கு வேலைக்கு வந்துவிட்டது; இங்கே அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இரண்டு தவணையும் தவறிவிட்டது. பக்கத்து வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை.

சிறுவன் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தில் கிருமியை மூச்சோடு வாங்கிக்கொள்கிறான். அதை முதல் நாள் கணக்காக வைப்போம். பத்தாம் நாள் வாக்கில் காய்ச்சலும் இருமலும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொடுக்கிறார்கள். பதினான்காம் நாள் முகத்தில் தடிப்பு. அன்றுதான் வாசலுக்கு வேப்பிலை வருகிறது.

ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அவன் கிருமியைப் பரப்பத் தொடங்கிவிட்டான். தடிப்பு வந்த பின் நான்கு நாள் வரை அது தொடரும். அவன் இருமிவிட்டுப் போன மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். வேப்பிலை ஒரு நல்ல எச்சரிக்கை. வெளியாளைத் தடுக்கும் அந்த வழக்கத்தில் பழைய அறிவு இருக்கிறது. ஆனால் இந்த நோயில் அது நான்கு நாள் தாமதமாக வருகிறது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. நம் நாட்டில் தட்டம்மையும் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு தவணை. தாயிடமிருந்து வயிற்றிலேயே வாங்கி வந்த எதிர்ப்பொருள் ஏழாம் மாதத்தில் பெரும்பாலும் வற்றிப்போயிருக்கும். பழைய பாதுகாப்பு போய், புதிய பாதுகாப்பு வராத இடைவெளியில் அவள் நிற்கிறாள். அவளுக்கு இருக்கும் ஒரே வேலி, சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான். அந்த வேலியில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது.

தொற்றியவரோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். ஊசி போட முடியாத சிறு குழந்தைக்கு, ஆறு நாளுக்குள் ஆயத்த எதிர்ப்பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசி போட மருத்துவர் முடிவெடுக்கலாம். நம் கணக்கில் சிறுவன் பத்தாம் நாளிலிருந்து பரப்புகிறான். தடிப்பு தெரிந்தது பதினான்காம் நாள். 72 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டே நாள். யாரும் சொல்லாததால் அதுவும் போகிறது. இருபத்து நான்காம் நாளை ஒட்டிக் குழந்தையின் முகத்திலும் தடிப்பு வருகிறது.

முதல் தவணை: வாரங்கள்

தட்டம்மையில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொல்வது தடிப்பு அல்ல; நிமோனியா. தட்டம்மை வந்த சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நுரையீரலில் நிமோனியா பிடிக்கிறது. காதில் சீழ், வயிற்றுப்போக்கு இரண்டும் அதைவிடப் பரவலாக வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்கி வலிப்பு வரும். பிழைத்தாலும் காது கேளாமையோ மூளைக் குறைபாடோ தங்கிவிடலாம். நல்ல சாப்பாடும் மருத்துவமும் உள்ள நாடுகளிலேயே ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர் இறக்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைகளிடையே சாவு இதைவிடப் பல மடங்கு. 2013-ல் அட்டப்பாடி ஊர்களில் ஊட்டக்குறைவோடு பிறந்த சிசுக்கள் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. அப்படிப்பட்ட எடையில் இருக்கும் பிள்ளைக்கு மணல்வாரி வேறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் மூச்சு. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலோ அது வேக மூச்சு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழே குழி விழுவது, பால் குடிக்காதது, தட்டி எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, வலிப்பு ஆகியவை வந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

இன்னொன்று கண். தட்டம்மை உடலில் இருக்கும் வைட்டமின் ஏ-யை வேகமாகத் தீர்த்துவிடும். ஏற்கெனவே குறைவாக இருந்தால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போகலாம். அதற்காகத்தான் தட்டம்மை உறுதியான பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள்: ஒரு வயதுக்கு மேல் தலா 2 லட்சம் அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், அதற்குக் கீழே 50 ஆயிரம். கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு தெரிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது தடவை. இது சுகாதார நிலையத்தில் அளந்து கொடுப்பது. வீட்டில் வாங்கி ஊற்றுவதல்ல, அளவு மீறினால் கெடுதல். கண்ணில் பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விட வேண்டாம். புண்ணான கருவிழியில் அது கிருமியைக் கொண்டு சேர்க்கும்.

அம்மை போட்டால் மருந்து கூடாது, சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வேப்பிலையும் கூழும் அம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் எந்தக் கெடுதலும் செய்யாது. மருந்தையும் உணவையும் நிறுத்துவதுதான் கெடுதல். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இரண்டாவது தவணை: மறதி

நம் கணக்கின் குழந்தை பிழைத்துவிட்டாள் என்று வைப்போம். தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆனால் அதன் பிறகு அவளுக்கு மாதத்துக்கொரு தடவை சளி, காது வலி, வயிற்றுப்போக்கு. அம்மை வந்து பிள்ளை நோஞ்சானாகிவிட்டது என்று பாட்டி சொல்லுவார். பாட்டி சொல்வது சரிதான். அதன் காரணம்தான் அண்மையில் துல்லியமாகத் தெரியவந்தது.

1908-ல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ஒன்றைக் கவனித்தார். காசநோய்க் கிருமியை உடல் முன்பே சந்தித்திருந்தால் தோல் பரிசோதனையில் அந்த இடம் சிவந்து தடிக்கும். அப்படித் தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்தபோது, அந்தத் தடிப்பு காணாமல் போனது. காசநோயை அறிந்திருந்த உடல் அதை மறந்துவிட்டது போல இருந்தது.

எப்படி மறக்கிறது? வாளையார் சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள காவலர்களுக்கு எந்த வண்டி, எந்த முகம் கள்ளச்சரக்கு கொண்டு வரும் என்பது பார்த்தவுடன் தெரியும். நம் இரத்தத்திலும் நிணநீர்க் கட்டிகளிலும் அப்படிப்பட்ட நினைவுச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் முன்பு சந்தித்த ஏதோ ஒரு கிருமியின் முகத்தை நினைவில் வைத்திருக்கும். இந்தச் செல்களின் மேற்பரப்பில் ஸ்லாம் என்ற புரதம் நிறைய உண்டு. தட்டம்மை வைரஸ் உள்ளே நுழையும் கதவே அந்த ஸ்லாம்தான். அதாவது, அது தேடிப் பிடிப்பது அனுபவசாலிக் காவலர்களையே. நுரையீரலில் இறங்கியதும் காவல் செல்களிலேயே ஏறி, நிணநீர்க் கட்டிக்குப் போய், நினைவுச் செல்களைத் தொற்றி அழிக்கிறது.

சில வாரத்தில் வெள்ளணு எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் குறை தெரியாது. சாவடியில் ஆள் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்பவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் தட்டம்மையின் முகம். அதனால்தான் தட்டம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருவதில்லை. மற்ற நினைவுகளை அழித்துத் தன் நினைவை மட்டும் ஆழமாகப் பதித்துவிட்டுப் போகிறது. இதற்குத்தான் நோயெதிர்ப்பு மறதி என்று பெயர்.

இந்த மறதியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2013-ல் நெதர்லாந்தில், மத நம்பிக்கை காரணமாகத் தடுப்பூசி போடாத சமூகங்களில் தட்டம்மை பரவியது. தொற்றுக்கு முன்னும், வந்து இரண்டு மாதம் கழித்தும் 77 பிள்ளைகளிடம் எடுத்த இரத்தத்தை ஒப்பிட்டு, 2019-ல் மைக்கேல் மினாவும் உடன் ஆய்வாளர்களும் முடிவை வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தப் பிள்ளைகளிடம் இருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பு இல்லை. ஊசியில் இருக்கும் வைரஸ் வலுவிழந்தது; தட்டம்மையின் முகத்தைக் காட்டுகிறது, காவலர்களைக் கொல்வதில்லை.

மறதி எவ்வளவு காலம் நீடிக்கும்? அதே மினாவின் குழு 2015-ல் இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தது. தட்டம்மை பரவிய பின் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு மற்றத் தொற்று நோய்களால் குழந்தைகள் இறப்பது கூடியிருந்தது. அந்தச் சாவுகளின் சான்றிதழில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோ எழுதியிருக்கும். தட்டம்மையின் பெயர் இருக்காது.

இழந்த நினைவைத் திரும்பப் பெற உடல் பழைய கிருமிகளை மறுபடி சந்திக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு நோயாக வரலாம். ஆகவே தட்டம்மை வந்துபோன பிள்ளைக்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் காய்ச்சலையும் வேக மூச்சையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற தடுப்பூசிகளை உரிய காலத்தில் தவறாமல் போட வேண்டும். மருத்துவரிடம் போகும்போதெல்லாம், பிள்ளைக்கு எப்போது மணல்வாரி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தவணை: எட்டு ஆண்டு கழித்து

அந்தக் குழந்தை வளர்ந்து மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நன்றாகப் படித்தவளின் கையெழுத்து கோணலாகிறது. நேற்றுச் சொன்ன பாடம் இன்று நினைவில்லை. காரணமில்லாமல் அழுகிறாள், அடம்பிடிக்கிறாள். வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியர் சொல்கிறார். சில வாரம், சில மாதம் கழித்துக் கையில் இருக்கும் டம்ளர் திடீரென விழுகிறது. நடக்கும்போது ஒரு கணம் தலை தொங்கி, உடல் வெட்டி இழுத்து, கீழே விழுந்து எழுகிறாள். அந்த வெட்டு சில நொடிகளுக்கு ஒரு தடவை, கடிகாரம்போல ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருகிறது.

இதன் பெயர் எஸ்.எஸ்.பி.இ. மூளை முழுவதையும் மெல்ல அரித்துக் கடினப்படுத்தும் அழற்சி. ஏழாம் மாதத்தில் வந்த அதே தட்டம்மை வைரஸ் மூளைக்குள் ஒளிந்திருந்தது. சாதாரணமாக ஒரு வைரஸ் செல்லுக்குள் பெருகி, வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடிக்கும். வெளியே வரும்போது எதிர்ப்பொருளிடம் மாட்டும். மூளையில் தங்கிவிட்ட இந்த வைரஸில் மரபு மாற்றங்கள் குவிந்து, வெளியே வருவதற்குத் தேவையான மேட்ரிக்ஸ் புரதம் கெட்டுப்போகிறது. இனி அது வெளியே வருவதில்லை. ஒரு நரம்பணுவிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த நரம்பணுவுக்கு நேராகக் கடந்து போகிறது. மூளைத் தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் மிக அதிக அளவில் இருந்தும் கிருமியைத் தொட முடியவில்லை. அந்த அதிக அளவுதான் நோயைக் கண்டறியும் அடையாளம். மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யில், உடல் வெட்டும் அதே சீரில் பெரிய அலைகள் எழுவது இன்னொரு அடையாளம். ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. படம் சரியாகவே இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

முதலில் இதை மனநலப் பிரச்சினை என்றோ சாதாரண வலிப்பு என்றோ எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பெற்றோர் பேய் ஓட்டவும் மந்திரிக்கவும் போய் மாதங்கள் கழிவதும் உண்டு. படிப்பில் சரிவு, அதோடு உடல் வெட்டு. இரண்டும் சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய முக்கியமான தகவல், இரண்டு வயதுக்குள் இந்தப் பிள்ளைக்கு மணல்வாரி வந்ததா என்பது. இந்தக் கட்டத்தில் அவளிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. அவளை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

குணப்படுத்தும் மருந்து இல்லை. ஐசோபிரினோசின் மாத்திரையும் இன்டர்ஃபெரானும் சிலருக்கு நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. கார்பமசெபின் போன்ற மருந்துகள் உடல் வெட்டைத் தணிக்கின்றன. பெரும்பாலோர் படிப்படியாகப் பேச்சும் நடையும் இழந்து, உடல் விறைத்து, நினைவிழந்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு அரிது? அது தட்டம்மை வந்த வயதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் 1988 முதல் 1991 வரை பரவிய தட்டம்மையின் பின்விளைவுகளைக் கணக்கிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர். ஒரு வயதுக்குள் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர். முதிராத நோயெதிர்ப்பு கிருமியை முழுமையாகத் துடைத்து எடுப்பதில்லை. அதனால்தான் சிசுக்களுக்கு ஆபத்து அதிகம். 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பள்ளி வயதுக் குழந்தை ஒன்று இந்த நோயால் இறந்தது. ஊசி போடும் வயது வருவதற்கு முன்பே, கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை வந்த குழந்தை அது. ஊசியால் இந்த மூளை நோய் வருமா என்ற பயமும் சிலருக்கு உண்டு. நோயாளிகளின் மூளையில் கிடைத்த வைரஸின் மரபை வாசித்துப் பார்த்தபோதெல்லாம் இருந்தது வெளியிலிருந்து தொற்றிய தட்டம்மை வைரஸ்தான். ஊசியில் இருக்கும் வைரஸ் அல்ல.

எல்லையில் தவறும் ஊசி

2022 நவம்பரில் தட்டம்மை பரவியபோது ஒன்றிய அரசு நிபுணர் குழுக்களை அனுப்பிய இடங்களில் ஒன்று மலப்புரம். ராஞ்சிக்கும் அகமதாபாத்துக்கும் குழுக்கள் போயின. மலப்புரம் பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டம். தினமும் பேருந்தும் ரயிலும் கடக்கும் தூரம். பாலக்காட்டிலிருந்து வாளையார், கோபாலபுரம், கோவிந்தாபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்கும், அங்கிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கும் ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். தேனிப் பக்கத்துப் பெண்கள் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி மாலையில் இறங்குகிறார்கள். கிருமிக்கும் அதே ஜீப்தான்.

இந்தப் பகுதியில் ஊசி தவறுவது பெரும்பாலும் மறுப்பால் அல்ல, இடம் மாறுவதால். ஒன்பதாம் மாத ஊசி தமிழ்நாட்டுக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம். பதினாறாம் மாதம் வரும்போது குடும்பம் மலைமேல். இங்கே ஆஷா பணியாளரின் பட்டியலில் பெயர் இல்லை, அங்கே பட்டியலில் இருக்கும் பிள்ளை ஊரில் இல்லை. ஒன்பது மாதத்தில் போடும் ஒரு தவணை ஏறக்குறைய 85 விழுக்காடு பாதுகாப்பு தரும். இரண்டும் போட்டால் 97. தட்டம்மை நுழைய முடியாதபடி ஊரை அடைக்க நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். இரண்டாவது தவணை தவறுகிற இடத்தில் அந்த எண் எட்டாது.

தவறிய ஊசியை ஐந்து வயது வரை அரசு நிலையங்களில் இலவசமாகப் போடலாம். எந்த மாநிலத்து அட்டை என்பது தடையில்லை. அட்டையில் எம்.ஆர். என்ற வரியைப் பாருங்கள்; இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். அட்டை தொலைந்து, போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால், மறுபடி போட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை. நோய் பரவும் பகுதியில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் கூடுதலாக ஒரு ஊசி போட அரசு அறிவிக்கலாம். அப்போதும் ஒன்பதாம் மாதத்திலும் பதினாறாம் மாதத்திலும் போட வேண்டியவை அப்படியே நிற்கும்.

நம் கணக்கின் ஏழு மாதக் குழந்தைக்கு அன்று வழக்கமான தடுப்பூசி எதுவும் கிடைத்திருக்காது. அவளைக் காத்திருக்கக்கூடியது பக்கத்து வீட்டுச் சிறுவனின் அட்டையில் விடுபட்டிருந்த அந்த இரண்டு தேதிகள்தான்.